பதினைந்து லட்சமா, ஒன்பது லட்சமா?

திருப்பூரில் 18 மிஷின் போட்டு பவர் டேபிள் ஜாப் ஒர்க் செய்யும் ஒருவர் எனக்குப் பழக்கம். ஓவர்டிராஃப்ட் லிமிட்டை 5 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தித் தரும்படி போன வருடம் வங்கியில் எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாத ஸ்டேட்மெண்டும், கூடவே ஒரு தாளில் மாதவாரியாக வந்த பணம், போன பணம், மாதக் கடைசி இருப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்றார் மேனேஜர். நான் சில வருடம் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியவன் என்பதால் பென் டிரைவும் கையுமாக வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, கடைசிப் பக்கத்துல பேங்க்காரங்களே டோட்டல் போட்டுக் குடுத்திருக்காங்க. அதை அப்படியே எழுதிட்டா ஆகாதுங்களா?"

ஆகாது. அவருடைய ஆகஸ்ட் 2025 கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தைச் சொல்கிறேன். அவருக்கு இரண்டு கணக்குகள்: ஒன்று கரண்ட் அக்கவுண்ட், மற்றொன்று ஓடி அக்கவுண்ட். இரண்டு ஸ்டேட்மெண்டிலும் ஆகஸ்ட் மாத வரவை அப்படியே கூட்டினால் 15,16,500 ரூபாய் வருகிறது. அந்த மாதம் தைத்துக் கொடுத்த வேலைக்காக அவர் கைக்கு உண்மையில் வந்தது 9,22,000 ரூபாய். நடுவில் கிடக்கும் ஏறக்குறைய ஆறு லட்சத்தில் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை, எல்லாமே வங்கி அச்சடித்துக் கொடுத்தவைதான். ஆனால் கடன் கொடுப்பவர் கேட்கும் கேள்விக்கு அவை பதில் அல்ல.

முதலில் ஸ்டேட்மெண்டை எக்செல் தாளுக்குக் கொண்டுவரும் வேலை. பாதிப் பிழைகள் இங்கேதான் நுழைகின்றன.

நெட் பேங்கிங்கில் எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ள முடிந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் எக்செலுக்குள்ளேயே `Data > Get Data > From File > From PDF` என்று போய் அட்டவணைகளை இழுத்துக்கொள்ளலாம். அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றுவது கடைசி வழி. அதில் 8, 3 ஆகிவிடும். ஒரு புள்ளி காணாமல் போகும். எந்த வழியில் வந்தாலும் நமக்கு வேண்டியவை ஐந்து பத்திகள்தான்: A-யில் தேதி, B-யில் விவரம், C-யில் பற்று, D-யில் வரவு, E-யில் இருப்பு. இரண்டாவது வரிசையில் ஆரம்ப இருப்பை மட்டும் எழுதி, மூன்றாவது வரிசையிலிருந்து நடவடிக்கைகளைத் தொடங்க வேண்டும்.

டேலியில் சொந்தமாகக் கணக்கு எழுதுகிறவர்கள் இங்கே ஒரு கணம் தடுமாறுவார்கள். நம் புத்தகத்தில் பேங்க் கணக்குக்குப் பணம் வந்தால் அது டெபிட். வங்கி கொடுக்கும் ஸ்டேட்மெண்டிலோ அதே பணம் கிரெடிட். நாம் போட்ட பணம் வங்கிக்கு நம்மிடம் பட்ட கடன். அதை அவர்கள் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஸ்டேட்மெண்டை வைத்து வேலை செய்யும்போது வங்கியின் கண்ணோடு பார்த்தால் போதும்: கிரெடிட் என்றால் வந்தது, டெபிட் என்றால் போனது.

பிடிஎஃப்பிலிருந்து வந்த தாள் பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும், உள்ளே கோளாறு ஒளிந்திருக்கும். விவரப் பத்தி நீளமாக இருந்தால் அது இரண்டு மூன்று வரிகளாக உடைந்து, தொகை இல்லாத வெற்று வரிசைகளாக விழும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலையிலும் `C/F`, `B/F` என்று முந்தைய பக்கத்தின் தொகையைத் தூக்கி எழுதியிருப்பார்கள். அதுவும் ஒரு நடவடிக்கை போல உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். தொகைகள் `1,38,050.00 Cr` என்று எழுத்து ஒட்டி வந்தால் எக்செலுக்கு அது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. அதைக் கூட்டச் சொன்னால் பூஜ்யம் என்று சொல்லும். நல்லவேளை, முழுப் பூஜ்யம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். பத்து வரிசைகள் மட்டும் எழுத்தாக மாறியிருந்தால்தான் ஆபத்து. கூட்டல் ஏறக்குறையச் சரியாகவே தெரியும்.

இதைவிட நயவஞ்சகமானது தேதி. நாம் 03-08-2025 என்று எழுதினால் ஆகஸ்ட் மூன்று. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மார்ச் எட்டு என்று எடுத்துக்கொள்ளும். 19-08-2025 வரும்போது பத்தொன்பதாவது மாதம் இல்லையே என்று குழம்பி அதை எழுத்தாகவே விட்டுவிடும். விளைவு, ஆகஸ்டின் முதல் பன்னிரண்டு நாட்கள் வருடம் முழுக்கச் சிதறிப்போகும். மீதி நாட்கள் எந்த மாதத்திலும் சேராது. கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மட்டுமே எடுத்த ஸ்டேட்மெண்டில் ஜனவரிக்கும் டிசம்பருக்கும் தொகை விழுகிறது என்றாலும் இதே நோய்தான். சிதறிய பிறகு ஒட்டுப்போடுவதைவிட, தாளை மறுபடி கொண்டுவந்து, தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Data > Text to Columns` கடைசிப் படியில் `DMY` என்று குறிப்பிட்டுவிடுவது நல்லது.

இவ்வளவையும் சரி செய்தோமா என்பதை எப்படி நம்புவது? வரிக்கு வரி கண்ணால் ஒத்துப் பார்க்க யாராலும் முடியாது. இவருடைய கரண்ட் அக்கவுண்டில் மட்டும் ஆறு மாதத்துக்கு நானூறு வரிகளுக்கு மேல். ஆனால் ஸ்டேட்மெண்ட் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதியோடுதான் அச்சாகிறது. ஒவ்வொரு வரியிலும் ஓடும் இருப்பு இருக்கிறதே, அதுதான் அந்த வசதி. முந்தைய வரியின் இருப்போடு இந்த வரியின் வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் இந்த வரியின் இருப்பு வந்தாக வேண்டும். F பத்தியில் மூன்றாம் வரிசையில் இதை எழுதிக் கடைசி வரை இழுத்துவிட வேண்டியதுதான்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரிசையிலும் பூஜ்யம் வந்தால் தாள் சுத்தம். எங்கே பூஜ்யம் இல்லையோ அங்கேதான் கோளாறு. தேடி அலைய வேண்டியதில்லை, வந்த எண்ணே என்ன கோளாறு என்றும் சொல்லிவிடும். அந்த வரியின் தொகைக்கு இரண்டு மடங்கு வந்தால் பற்றும் வரவும் பத்தி மாறி விழுந்திருக்கின்றன. வேறு ஏதோ முழுத் தொகை வந்தால் அதற்கு முன்னால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, பெரும்பாலும் பக்கம் மாறும் இடத்தில். ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறக்குறைய எல்லா வரியுமே தவறு என்றால் ஸ்டேட்மெண்ட் தலைகீழாக, புதியது மேலே பழையது கீழே என்று வந்திருக்கிறது.

தலைகீழ்க் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் தேதிப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். தேதிகள் ஒழுங்காகும், ஆனால் ஒரே நாளுக்குள் நடந்த ஐந்தாறு நடவடிக்கைகள் பழையபடி தலைகீழாகவே நிற்கும். மாதத்தின் கடைசி நாளில் அப்படி இருந்தால், அன்று காலை முதல் நடவடிக்கைக்குப் பின் இருந்த இருப்பைத்தான் மாதக் கடைசி இருப்பு என்று எடுப்போம். அடுக்குவதற்கு முன் பக்கத்தில் ஒரு பத்தியில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு, அந்த எண்ணை இறங்குவரிசையில் அடுக்கினால் உள்ளதை உள்ளபடி திருப்பிவிடலாம்.

ஓடி கணக்கின் ஸ்டேட்மெண்டில் இருப்புக்குப் பக்கத்தில் `Dr` என்று இருக்கும். அது நாம் வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி. எக்செலில் அதைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். இவருடைய ஓடி கணக்கில் ஜூலைக் கடைசியில் 3,12,400 `Dr`. தாளில் அது −3,12,400. இந்தக் குறியை விட்டுவிட்டு ஓடி பாக்கியையும் கையிருப்பாகக் கூட்டி எழுதிய தாள்களை நானே பார்த்திருக்கிறேன். மூன்று லட்சம் கடன் அங்கே மூன்று லட்சம் சேமிப்பாக மாறி உட்கார்ந்திருக்கும்.

சோதனை தேறிய பிறகு மாதவாரி எடுப்பது ஐந்து நிமிட வேலை. H2 கட்டத்தில் மாதத்தின் முதல் தேதியைப் போட்டுக்கொண்டு, நடவடிக்கைகள் 412-ஆம் வரிசை வரை இருப்பதாக வைத்துக்கொண்டால், வரவுக்கு:

```
=SUMIFS($D$3:$D$412,$A$3:$A$412,">="&H2,$A$3:$A$412,"<"&EDATE(H2,1))
```

பற்றுக்கு D இருக்கும் இடத்தில் C. அடுத்த மாத முதல் தேதிக்கு முன்பு என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. சில வங்கிக் கோப்புகளில் தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கும். 31-ஆம் தேதி வரை என்று எழுதினால் 31-ஆம் தேதி மதியம் வந்த பணம் விட்டுப்போகும்.

மாதக் கடைசி இருப்புக்கு:

```
=LOOKUP(2,1/($A$2:$A$412<EDATE(H2,1)),$E$2:$E$412)
```

இது அடுத்த மாதம் பிறப்பதற்கு முன் உள்ள கடைசி வரியின் இருப்பை எடுத்துத் தரும். மாதத்தின் கடைசி மூன்று நாட்கள் ஒன்றுமே நடக்காவிட்டாலும் கவலையில்லை, அதற்கு முன் நின்ற இருப்புதான் மாதக் கடைசியிலும் நிற்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். A2 கட்டத்தில், ஆரம்ப இருப்புக்கு, ஸ்டேட்மெண்ட் தொடங்குவதற்கு முந்தைய நாள் தேதியைப் போட்டுவிடுங்கள். 412 என்ற எல்லையை உங்கள் கடைசி வரிசைக்குச் சரியாக மாற்றுங்கள். வெற்று வரிசைகளையும் சேர்த்துக்கொண்டால் எக்செல் வெறுமையைப் பழைய தேதியாக எடுத்துக்கொண்டு இருப்பு பூஜ்யம் என்று சொல்லும்.

தேதி என்று சொல்லும்போது, ஸ்டேட்மெண்டில் இரண்டு தேதிகள் இருக்கலாம்: பதிவு செய்த தேதி, வேல்யூ டேட். ஓடும் இருப்பு பதிவுத் தேதி வரிசையில்தான் நடக்கிறது. மாதம் பிரிக்கவும் அதையே எடுக்க வேண்டும்.

இப்போது அவருடைய ஆகஸ்ட். கரண்ட் அக்கவுண்டில் ஆரம்பம் 1,84,320. வரவு 11,46,500. பற்று 11,92,770. முடிவு 1,38,050. ஓடி கணக்கில் ஆரம்பம் −3,12,400. வரவு 3,70,000. பற்று 3,87,900. முடிவு −3,30,300. இரண்டிலும் ஆரம்பத்தோடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்துப் பாருங்கள், ஒரு ரூபாய் பிசகாமல் முடிவு வரும். எக்செல் வேலை இத்தோடு முடிந்தது. வங்கியின் கடைசிப் பக்க டோட்டலும் இங்கேதான் நின்றுவிடுகிறது.

"அப்புறம் என்னங்கண்ணா, டேலி ஆயிருச்சுல்ல?" என்றார்.

டேலி ஆகிவிட்டது. ஆனால் வரவுப் பத்தியைச் சல்லடையில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். கரண்ட் அக்கவுண்டுக்கு வந்த 11,46,500 எங்கிருந்தெல்லாம் வந்தது என்று விவரப் பத்தியைப் படித்தோம். பையர்கள் `NEFT`, `RTGS` வழியாக அனுப்பியது 6,82,000. வங்கியில் போட்ட செக்குகள் 2,14,500. அவருடைய ஓடி கணக்கிலிருந்தே மாற்றியது 1,50,000. மச்சானிடம் வாங்கிய கைமாற்று 1,00,000.

ஓடியிலிருந்து கரண்டுக்கு வந்த ஒன்றரை லட்சம் வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்குப் போன பணம். அதேபோல் அந்த மாதமே கரண்டிலிருந்து ஓடிக்கு 2,50,000 கட்டியிருந்தார். இரண்டு ஸ்டேட்மெண்டையும் கூட்டும்போது இந்த நான்கு லட்சமும் ஒரு முறை வரவாகவும் ஒரு முறை செலவாகவும் தலைகாட்டும். இரண்டு பக்கமும் ஜோடியாக நீக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் கணக்கு உதைக்கும். ஜோடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஒரே தொகை, ஒரே நாள், ஒன்றில் பற்று மற்றதில் வரவு. விவரத்தில் நம் நிறுவனப் பெயரோ மற்றக் கணக்கின் கடைசி நான்கு இலக்கமோ இருக்கும். சேமிப்புக் கணக்கு, மனைவி பெயரில் உள்ள கணக்கு என்று இன்னும் பாக்கெட்டுகள் இருந்தால் வேலை கூடும். மனைவியின் கணக்கு விண்ணப்பத்தில் இல்லாதபோது அதன் ஸ்டேட்மெண்ட் கையில் இருக்காது, ஜோடியும் கிடைக்காது. அப்போது அதை நீக்காமல், தொழில் அல்லாத வரவு என்று தனியாக எழுதுவதே நேர்மை.

அடுத்தது செக். 19-ஆம் தேதி போட்ட 94,500 ரூபாய் செக் 21-ஆம் தேதி திரும்பி வந்துவிட்டது. ஸ்டேட்மெண்டில் 19-ஆம் தேதி வரவு, 21-ஆம் தேதி அதே தொகை பற்று, தொட்டடுத்து ரிட்டர்ன் சார்ஜ். வங்கியின் கூட்டலில் இந்த 94,500 வரவாகத்தான் நிற்கிறது. ஆனால் ஒரு பைசாகூட வரவில்லை. இதையும் ஜோடியாக நீக்குகிறோம். சார்ஜ் மட்டும் உண்மையான செலவு, அது இருக்கட்டும்.

நாம் கொடுத்த செக் திரும்பினால் இதற்கு நேர் எதிராக நடக்கும்: முதலில் பற்று, பிறகு அதே தொகை வரவு. அந்த வரவைப் பையர் பணம் என்று எண்ணிவிடக் கூடாது. விவரத்தில் `I/W RTN`, `O/W RTN` என்று சுருக்கங்கள் இருக்கும். அந்த இன்வேர்டும் அவுட்வேர்டும் எல்லா வங்கியிலும் ஒரே பொருளில் வருவதில்லை, அதனால் அவற்றை நான் நம்புவதில்லை. எது முன்னால் வந்தது, வரவா பற்றா என்று பார்த்தால் யாருடைய செக் திரும்பியது என்பது தெரிந்துவிடும். நீக்குவது கூட்டல் சரியாக இருப்பதற்காக மட்டும்தான், மறைப்பதற்காக அல்ல. செக் எத்தனை முறை திரும்பியது என்பதைக் கடன் கொடுப்பவர் தனியாக எண்ணுவார். நாம் கொடுத்தது திரும்பியிருந்தால் இன்னும் உற்றுப் பார்ப்பார். எண்ணிக்கையை நாமே தாளின் அடியில் எழுதிவிடுவது நல்லது.

மச்சானின் ஒரு லட்சம் வேறு ரகம். அது நிஜமாகவே வந்த பணம், ஜோடி கிடையாது, நீக்கினால் இருப்பு உதைக்கும். ஆனால் அது விற்பனை அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். அதை நீக்காமல் இன்னொரு பத்திக்கு மாற்ற வேண்டும். வேறு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடன் கணக்கில் விழுந்தது, நிலம் விற்ற பணம், ஜிஎஸ்டி ரீஃபண்ட், முதிர்ந்த டெபாசிட் என்று எதுவாக இருந்தாலும் இந்தப் பத்திதான் இடம். ரொக்கமாகக் கட்டிய பணத்தை இவர் கணக்கில் காணோம். இருந்திருந்தால் அதற்கும் ஒரு தனிப் பத்தி போட்டிருப்பேன், ஏனென்றால் ரொக்கம் பையர் கொடுத்ததா, வீட்டிலிருந்து எடுத்து வந்ததா என்பதை ஸ்டேட்மெண்ட் சொல்லாது. பில் இருந்தால்தான் அது விற்பனை.

குலுக்கி முடித்த பிறகு இரண்டு கணக்கையும் சேர்த்த ஆகஸ்ட் இப்படி வந்தது. மொத்த வரவு 15,16,500-இல் மாற்றல் 4,00,000, திரும்பிய செக் 94,500 போக 10,22,000. மொத்தப் பற்று 15,80,670-இல் அதே இரண்டும் போக 10,86,170. இரண்டு கணக்கின் ஆரம்ப இருப்பையும் சேர்த்தால் −1,28,080. அதோடு 10,22,000-ஐக் கூட்டி 10,86,170-ஐக் கழித்தால் −1,92,250. கரண்டின் 1,38,050-ஐயும் ஓடியின் −3,30,300-ஐயும் சேர்த்தாலும் அதே −1,92,250. ஜோடிகளைச் சரியாக நீக்கியிருக்கிறோம் என்பதற்கு இதுதான் அத்தாட்சி: வரவும் செலவும் ஐந்து லட்சம் குறைந்தும் கடைசி இருப்பு அசையவே இல்லை. அசைந்திருந்தால் எங்கோ ஒற்றைக் காலை வெட்டியிருக்கிறோம் என்று பொருள். பிறகு 10,22,000-ஐ இரண்டாகப் பிரித்து, தொழில் வரவு 9,22,000, மற்ற வரவு 1,00,000 என்று எழுதினோம்.

ஜோடி இரண்டு மாதங்களில் விழுந்தால் மட்டும் கவனம் தேவை. ஜூலை 31-இல் போட்ட செக் ஆகஸ்ட் 4-இல் திரும்புகிறது என்று வையுங்கள். ஜூலைக் கடைசி இருப்பில் அந்தச் செக்கின் தொகை உட்கார்ந்திருக்கிறது. ஜோடியை நீக்கினால் ஜூலைக் கணக்கு அந்தத் தொகை அளவுக்கு உதைக்கத்தான் செய்யும். அதற்காக இருப்பைத் திருத்தக் கூடாது. மாதக் கடைசி இருப்பு என்பது ஸ்டேட்மெண்டில் அன்று என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான். காரணத்தை ஒரு குறிப்பாக எழுதினால் போதும்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. காரணம் தெரிந்ததுதான். பி.ஆர். நாயக் குழு 1990-களின் தொடக்கத்தில் சொன்ன கணக்கை வைத்துத்தான் சிறு தொழில்களுக்கு வங்கிகள் நடைமுறை மூலதனக் கடனை இன்றும் பெரும்பாலும் அளக்கின்றன: அடுத்த வருடம் எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம். மாதம் 15 லட்சம் என்று போனால் வருடத்துக்கு 1.82 கோடி, லிமிட் 36 லட்சம் வரை எட்டலாம். 9,22,000 என்றால் வருடத்துக்கு 1.11 கோடி, லிமிட் 22 லட்சத்தை ஒட்டி. கேட்டதே 20 லட்சம்தானே என்று நான் சொன்ன பிறகுதான் டீ குடித்தார்.

பெரிய எண்ணை எழுதிக் கொடுத்திருந்தால்தான் என்ன என்று கேட்கலாம். வங்கி நம் தாளை மட்டும் பார்ப்பதில்லை. அதே பிடிஎஃப்பை அவர்களும் மென்பொருளில் போட்டு அலசுகிறார்கள். நம் F பத்தியில் போட்ட சோதனையை அந்த மென்பொருளும் செய்யும். யாராவது பிடிஎஃப்பில் ஒரு தொகையைத் திருத்தியிருந்தால் அந்த வரியில் இருப்பு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியில் சம்மதம் கொடுத்துவிட்டால் ஸ்டேட்மெண்ட் நம் கை படாமலேயே வங்கியிலிருந்து வங்கிக்குப் போய்விடும். அதற்கு மேல் ஜிஎஸ்டி கணக்கு இருக்கிறது. ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. 100 ரூபாய் வேலைக்கு 105 பில் போட்டால், தனிநபர் நிறுவனம் என்பதால் பையர் 1 ரூபாய் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 104 அனுப்புவார். 9,22,000-ஐ 1.04-ஆல் வகுத்தால் சுமார் 8.87 லட்சம். ஜிஎஸ்டிஆர்-3பி-யில் அவர் காட்டிய விற்பனையும் இதை ஒட்டியே இருக்க வேண்டும். பில் போட்ட மாதமும் பணம் வந்த மாதமும் வேறாக இருக்கும் என்பதால் ஒரே மாதத்தில் ஒத்துப்போகாது. ஆறு மாதத்தைச் சேர்த்துப் பார்த்தால் பக்கத்தில் வந்துவிடும். 15 லட்சம் எழுதியிருந்தால் பக்கத்தில்கூட வந்திருக்காது.

செலவுப் பக்கத்தில் ஒரு விஷயம் என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது. வரவைவிடச் செலவு 64,170 கூடுதல். ஜூன், ஜூலையில் அப்படி இல்லை. அவரே காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "ஆகஸ்ட்ல அஞ்சு சனிக்கிழமைங்கண்ணா." திருப்பூரில் கூலி வாரக் கூலி, சனிக்கிழமை கணக்கு முடிக்க வேண்டும். வாரம் 92,000 அளவில் ரொக்கம் எடுக்கிறார். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை என்பதால் அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுவார். ஐந்தாவது வாரக் கூலி மட்டும் இல்லையென்றால் அந்த மாதம் பற்றாக்குறையே இல்லை. மாதவாரி அட்டவணையைப் பார்க்கும் அதிகாரிக்கு இது தானாகத் தெரியாது. பக்கத்தில் "5 வாரக் கூலி" என்று இரண்டு வார்த்தை எழுதினோம். மிஷின் கடனுக்குக் கட்டும் 38,400 ரூபாய் தவணையையும் செலவுக்குள்ளேயே வைத்து, அடியில் தனியாகக் காட்டினோம். புதிய கடனுக்கு எவ்வளவு தாங்குவார் என்று பார்க்கும்போது வங்கி முதலில் தேடுவது அதைத்தான்.

மாதக் கடைசி இருப்பைப் பற்றி அவருக்கு ஒரு யோசனை இருந்தது. 31-ஆம் தேதி யாரிடமாவது இரண்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டு 1-ஆம் தேதி எடுத்துவிட்டால் என்ன? இந்த யோசனை வராத தொழில்காரர் இல்லை, இதைப் பார்க்காத வங்கி அதிகாரியும் இல்லை. அதனால்தான் அவர்கள் மாதக் கடைசியோடு நிற்காமல் 5, 15, 25 என்று நடுவில் சில தேதிகளின் இருப்பையும் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். மேலே உள்ள `LOOKUP` சூத்திரத்தில் `EDATE(H2,1)` இருக்கும் இடத்தில் `H2+5` என்று போட்டால் 5-ஆம் தேதி முடிவு இருப்பு நமக்கும் கிடைக்கும். `H2+15`, `H2+25` என்று மற்றவையும். ஓடி கணக்குக்கு இருப்பைவிட லிமிட்டில் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்பதுதான் பேச்சு. 5 லட்சத்தில் 3,30,300 என்றால் 66 சதவீதம். எப்போதும் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும் கணக்கு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். ஒருபோதும் பாதியைத் தாண்டாத கணக்குக்குக் கூடுதல் லிமிட் எதற்கு என்று கேட்பார்கள்.

ஆறு மாதத்தையும் இதேபோல் முடித்து ஒரே தாளில் அடக்கினோம். மாதம், ஆரம்ப இருப்பு, தொழில் வரவு, மற்ற வரவு, செலவு, கடைசி இருப்பு என்று ஆறு பத்திகள். இரண்டு கணக்கின் கடைசி இருப்பையும் சேர்க்காமல் தனித்தனியாகவும் கீழே கொடுத்தோம். எதையெதை எவ்வளவு நீக்கினோம், ஸ்டேட்மெண்டின் மொத்தத்திலிருந்து எங்கள் எண் எப்படி வந்தது என்பதற்கு இன்னொரு சிறிய அட்டவணை. அதிகாரி ஸ்டேட்மெண்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி 11,46,500-ஐப் பார்த்துவிட்டு எங்கள் தாளில் அது இல்லையே என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட அது வேண்டும்.

செப்டம்பரைக் குலுக்கும்போது 4-ஆம் தேதியில் 94,500 என்ற தொகை மறுபடி கண்ணில் பட்டது. திரும்பிய செக்குக்குப் பதிலாக அதே பையர் `NEFT` அனுப்பியிருந்தார். "இதையும் எடுத்திரலாங்களா, முன்னாடி எடுத்தோம்ல?" என்று கேட்டார். இது வேண்டாம், இது வந்த பணம் என்றேன். ஆகஸ்டில் நீக்காமல் விட்டிருந்தால் ஒரே பில் இரண்டு மாதத்தில் இரண்டு முறை விற்பனையாகியிருக்கும். செப்டம்பர் வரிசையில் அது தொழில் வரவுப் பத்தியிலேயே நிற்கிறது.